நேரப் பலகைப் படம் எழுத்தாகும்போது எண்கள் ஏன் இடம் மாறுகின்றன?

பேருந்து நேரப் பலகையைப் படமெடுத்துச் செயலியில் எழுத்தாக்கினால், எண்களைவிட அவற்றின் இடம்தான் அதிகம் குழம்பும். பக்கவாட்டில் எடுத்த படத்தில் வரிகள் சாய்ந்திருக்கும். செயலி நேராகப் படிக்க, ஒரு பேருந்தின் நேரம் அடுத்த பேருந்தின் வரிக்குப் போய்விடும். முதலில் படத்தின் நான்கு மூலைகளையும் இழுத்து நேராக்குங்கள். பிறகு ஒவ்வொரு ஊரின் பத்தியையும் தனியாக வெட்டிப் படிக்கவிட்டு, விரிதாளில் ஒட்டுங்கள்.

உடனே வரிகளை எண்ணுங்கள். பலகையில் 14, விரிதாளில் 13 என்றால், பெரும்பாலும் பேருந்து நிற்காத காலிக் கட்டம் ஒன்று விடுபட்டு, கீழுள்ள நேரங்கள் எல்லாம் ஒரு படி மேலேறிவிட்டன.

அடுத்தது ஏறுவரிசை. 5.40, 6.05, 8.50, 7.20 என்று வந்தால் 8.50 இடறுகிறது, பலகையில் பெரும்பாலும் 6.50 இருக்கும். ஆனால் 6.50 என்பது 6.56 ஆனால் வரிசை காட்டிக்கொடுக்காது. அதற்குப் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாக ஒப்பிட்டே ஆகவேண்டும்.