சுமாரான ஆண்டில் சேர்மன் எழுதும் கடிதம்

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பங்குதாரர்களுக்குக் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகள் வந்து சேரும். பெரும்பாலோர் டிவிடெண்ட் எவ்வளவு என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். முதல் சில பக்கங்களுக்குள் சேர்மனின் கடிதம் ஒன்று இருக்கும். இயக்குநர் குழுவின் அறிக்கையை 2013 கம்பெனிகள் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்றும் 134-ஆம் பிரிவு வரையறுக்கிறது. சேர்மனின் கடிதத்துக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. எதைச் சொல்வது, எதை விடுவது என்று அவரே தீர்மானிக்கிறார். அதனால்தான் லாபம் சரிந்த ஆண்டில் முதலில் படிக்க வேண்டிய பக்கம் அது என்பேன்.

சரிந்த ஆண்டின் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கும். உலகச் சூழல் சவாலாக இருந்தது, மூலப்பொருள் விலை ஏறியது, இருந்தும் நமது குழு உறுதியோடு நின்றது, வரும் ஆண்டு நம்பிக்கை தருகிறது. இதில் பொய் எதுவும் இருக்காது. ஆனால் கம்பெனியின் பெயரை மாற்றினால் வேறு எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும். படித்து முடித்தவருக்குத் தன் பணம் என்ன ஆனது என்று தெரியாது.

இதற்கு நேர்மாறான உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நியூ பெட்ஃபோர்ட் என்ற ஊரின் ஜவுளி ஆலைதான் பெர்க்‌ஷயர் ஹாத்தவே. வாரன் பஃபெட் 1965-இல் அதைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தபோது அதன் நிகர மதிப்பு சுமார் 2.2 கோடி டாலர். அத்தனையும் ஜவுளியில் முடங்கியிருந்தது. ஆண்களின் கோட்டுக்கு உள்ளே தைக்கும் லைனிங் துணி அதன் முக்கியச் சரக்கு. பிறகு அவர் காப்பீடு, வங்கி என்று வேறு தொழில்களை வாங்கிச் சேர்த்தார். ஆலையும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது.

1977-ஆம் ஆண்டுக்கான கடிதத்தைப் பாருங்கள். அந்த ஆண்டு கம்பெனியின் மொத்தச் செயல்பாட்டு லாபம் சுமார் 2.19 கோடி டாலர். எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகம். ஆலையின் கதையை அந்த நல்ல எண்ணுக்குள் மறைத்திருக்கலாம், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவரோ, ஜவுளி மறுபடியும் மிக மோசமாகப் போனது என்று எழுதினார். முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் முன்னேற்றம் வரும் என்று தான் சொன்னது பலிக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டார். என்னைக் கவர்ந்தது இந்த இரண்டாவது விஷயம்தான். போன ஆண்டு கொடுத்த வாக்கைத் தானே எடுத்து, நடந்ததற்குப் பக்கத்தில் வைக்கும் சேர்மன்கள் மிகக் குறைவு.

அடுத்த ஆண்டு ஆலை சற்றுத் தேறி 13 லட்சம் டாலர் ஈட்டியது. அங்கும் அவர் வளர்ச்சி விகிதத்தைக் காட்டி மகிழவில்லை. இந்தத் தொழிலில் போட்டிருக்கும் முதல் 1.7 கோடி டாலர், அதற்கு இந்த வருமானம் குறைவு என்றார். கணக்குப் போட்டால் நூறு டாலருக்கு எட்டு டாலர்கூட இல்லை. பிறகு ஏன் ஓட்டுகிறோம் என்பதற்கு நான்கு காரணங்கள் சொன்னார். ஆலை அந்த ஊர்களுக்கு முக்கியமான வேலை தரும் இடம். நிர்வாகிகள் பிரச்சினைகளை மறைக்காமல் சொல்லித் தீவிரமாக உழைக்கிறார்கள். தொழிலாளர்கள் நிலைமையைப் புரிந்து ஒத்துழைக்கிறார்கள். முதலுக்கு ஏற்ற சுமாரான ரொக்க வருவாயாவது சராசரியாகக் கிடைக்கும். இந்த நான்கும் இருக்கும்வரை நடத்துவோம் என்றார். எழுத்தில் இப்படி நிபந்தனை வைத்துவிட்டால் பின்னாளில் பங்குதாரர் அதை வைத்தே கேள்வி கேட்கலாம்.

1985-இல் ஆலை மூடப்பட்டது. அந்த ஆண்டின் கடிதத்தில் பழைய நான்கு காரணங்களையும் அப்படியே திரும்ப அச்சிட்டு, நான்காவதில் தான் மிகவும் தவறிவிட்டதாக எழுதினார். 1979-க்குப் பிறகு தொழில் பணத்தைத் தின்றதே தவிரத் தரவில்லை. புதிய இயந்திரம் வாங்கும்போதெல்லாம் செலவு குறையும் என்று காகிதத்தில் தெரிந்தது. போட்டியாளர்களும் அதையே வாங்கியதால் மிச்சமானதெல்லாம் விலைக்குறைப்பில் போய்விட்டது. பிறகு, எந்தச் சேர்மனும் சொல்லக் கூசும் ஒரு கணக்கைத் தந்தார். ஆலையின் இயந்திரங்களுக்கு ஆரம்பத்தில் கொடுத்த விலை சுமார் 1.3 கோடி டாலர். புத்தகத்தில் மிஞ்சியிருந்த மதிப்பு 8,66,000 டாலர். ஏலத்தில் வந்தது 1,63,122 டாலர். ஏலச் செலவு போகக் கையில் ஒன்றும் நிற்கவில்லை. 1981-இல் ஒன்று சுமார் 5,000 டாலருக்கு வாங்கிய தறிகளை 50 டாலருக்கும் கேட்க ஆள் இல்லை. கடைசியில் 26 டாலருக்குப் பழைய இரும்பாகப் போயின. புத்தக மதிப்பை நம்பிப் பங்கு வாங்குகிறவர்கள் இந்தத் தறியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒளிவுமறைவு இல்லாத கடிதம் தொழிலைக் காப்பாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்லிக்கொண்டே அவர் அந்த ஆலையைப் பல ஆண்டுகள் கூடுதலாக நடத்தினார். கடிதத்தால் கிடைத்தது வேறு: பங்குதாரர் ஒவ்வோர் ஆண்டும் நிலவரம் தெரிந்தே முடிவெடுத்தார்கள், மூடிய செய்தி அவர்கள் தலையில் திடீரென்று இடியாக விழவில்லை.

நம் ஊர் அளவுக்கு ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். பம்புகளுக்கு வார்ப்படம் செய்யும் ஒரு சிறிய பவுண்டரி. விற்பனை 40 கோடியிலிருந்து 34 கோடிக்கு இறங்குகிறது. லாபம் 3 கோடியிலிருந்து 1 கோடிக்கு வருகிறது. அந்த 1 கோடியிலும் 70 லட்சம், காலி மனை விற்றதில் வந்தது. வழக்கமான கடிதம், மந்தமான சந்தையிலும் லாபத்தில் நீடித்தோம் என்று சொல்லும். நேர்மையான கடிதம் முதல் பத்தியிலேயே மனை விற்ற பணத்தைக் கழித்து, தொழிலில் நாம் ஈட்டியது 30 லட்சம் மட்டுமே என்று சொல்லும். அடுத்து அந்த 6 கோடிச் சரிவைப் பிரித்துக் காட்டும். 4 கோடி, ஒரே வாடிக்கையாளர் விலகியதால் போனது. வார்ப்பில் ப்ளோ ஹோல் விழுந்து சரக்கு திரும்பத் திரும்ப ரிஜெக்ட் ஆனதால் அவர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். மீதி 2 கோடி, மழை நீடித்து பம்பு வியாபாரம் தள்ளிப்போனதால். இரண்டாவது அடுத்த சீசனில் திரும்பலாம், முதலாவது தானாகத் திரும்பாது. மணல் கலவையில் எதை மாற்றினோம், ரிஜெக்‌ஷன் இப்போது நூற்றுக்கு எத்தனை என்று சொன்னால்தான் அடுத்த ஆண்டு சரிபார்க்க முடியும். இரண்டு காரணங்களையும் சேர்த்து சந்தை மந்தம் என்ற ஒரே சொல்லில் போட்டுவிட்டால், திரும்பி வராத 4 கோடியும் வரப்போகிறது என்று வாசகர் நம்பிவிடுவார்.

இப்படி எழுதினால் வங்கி கடனை இறுக்கும், போட்டியாளர் பயன்படுத்திக்கொள்வார் என்று சிறு தொழிலதிபர்கள் பயப்படுகிறார்கள். வாடிக்கையாளரின் பெயர், விலை, புதிய ஆர்டர் பேச்சுவார்த்தை ஆகியவற்றை வெளியிடாமல் இருப்பதில் தவறில்லை. பட்டியலிட்ட கம்பெனியானால் பங்கு விலையை பாதிக்கும் செய்தியை முதலில் பங்குச் சந்தைக்குத்தான் தெரிவிக்க வேண்டும். ஆனால் கடன் கொடுத்த வங்கியின் கையில் மாதாந்திர ஸ்டாக் ஸ்டேட்மென்ட் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குத் தெரியாத எதையும் கடிதம் சொல்லிவிடப் போவதில்லை. தெரியாமல் இருப்பவர் பங்குதாரர் மட்டுமே.

ஆண்டறிக்கை பொதுக்கூட்டத்துக்கு 21 நாள் முன்பாவது உங்கள் கைக்கு வந்துவிடும். போன ஆண்டின் கடிதத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அதில் சொன்ன வாக்குகளில் எவற்றைப் பற்றி இந்த ஆண்டு பேச்சே இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். லாபத்தில் இதர வருமானம் எவ்வளவு என்று பின்பக்கக் கணக்கில் பாருங்கள். பதில் இல்லாத கேள்வியைப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் அந்த உரிமை உண்டு.