தளும்பிய டம்ளர்

பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு மனநல வார்டில் இன்சார்ஜ் சிஸ்டராக இருந்தேன். என் மேசைக்கு வந்த ராஜினாமாக் கடிதங்கள் பெரும்பாலும் மூன்று வரிதான். சொந்தக் காரணம், விடுவிக்க வேண்டிய தேதி, இதுவரை ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி. படித்து, கையெழுத்திட்டு, நர்சிங் சூப்பரின்டெண்டென்டுக்கு அனுப்பிவிடுவேன். ஒரே ஒரு கடிதத்தை மட்டும் இரண்டு முறை படித்தேன். எம்.எஸ்சி. முடித்து எங்கள் வார்டில் வேலை பார்த்த ஒரு சிஸ்டர், பிஎச்.டி.க்கு இடம் கிடைத்துப் போகும்போது எழுதியது. நோயாளியை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றி இங்கே சொல்கிறேன்.

முதல் பத்தி வழக்கமானதுதான். எந்தத் தேதியிலிருந்து விலகுகிறார், நியமன ஆணைப்படி ஒரு மாத முன்னறிவிப்பு எந்த நாளில் முடிகிறது, பணிவிடுப்பு ஆணையும் அனுபவச் சான்றிதழும் ஏன் அதற்குள் வேண்டும் என்று எழுதியிருந்தார். முழுநேர ஆய்வாளராகச் சேருகிறவரிடம் பல்கலைக்கழகம் முதலில் கேட்பது இந்தக் காகிதங்களைத்தான். நன்றியை முதலில் கொட்டிவிட்டுத் தேதியைக் கடைசி வரியில் ஒளித்துவைத்தால், அலுவலகத்தில் ஃபைல் நகராது.

இரண்டாவது பத்தியில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “டீ டம்ளர் தளும்புகிறது என்று ஓடிவந்து சொன்ன ஆயாம்மாவுக்கு முதல் நன்றி” என்று அது தொடங்கியது. டாக்டர்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தார்கள்.

நடந்தது இதுதான். லித்தியம் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த ஒருவர். மனம் மிகையாகப் பொங்குவதையும், பிறகு சரிவதையும் கட்டுக்குள் வைக்கிற பழைய, நல்ல மருந்து அது. ஆனால் குணம் தருகிற அளவுக்கும் நஞ்சாகிற அளவுக்கும் நடுவே இடைவெளி குறைவு. ரத்தத்தில் ஒரு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் பொதுவாகச் சரி, 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. இந்த மருந்து சாப்பிடுகிற பலருக்கு விரல் நுனியில் மெல்லிய நடுக்கம் இருக்கும். எழுதும்போது தெரியும், அதற்காக யாரும் பதறுவதில்லை. பதற வேண்டிய நடுக்கம் வேறு. அது கை முழுக்கப் பரவும், கரடுமுரடாக இருக்கும். கூடவே வாந்தி, பேச்சில் குழறல், நடையில் தள்ளாட்டம் வரலாம்.

ஆயாம்மாவுக்கு மில்லிமோல் தெரியாது. நேற்று ஒரு கையால் டீ வாங்கியவர் இன்று இரண்டு கையாலும் பிடித்தும் சிந்துகிறார் என்பது தெரிந்தது. “சிஸ்டர், அவரு கை சரியில்ல, வந்து பாருங்க” என்றார். சிஸ்டர் போய் விசாரித்ததில் இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு என்று தெரிந்தது. வெட்கப்பட்டு அவர் யாரிடமும் சொல்லவில்லை. மூட்டுவலிக்கு வீட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த மாத்திரை வேறு தலையணைக்கு அடியில் இருந்தது. உடம்பில் நீர் வற்றினாலும், அந்த வகை வலி மாத்திரைகளைச் சாப்பிட்டாலும், சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிவிடும். அவருக்கு இரண்டும் சேர்ந்துவிட்டன. சிஸ்டர் இரவு மாத்திரையைக் கொடுக்காமல் நிறுத்திவைத்து டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டார். வழக்கமாகக் கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்போம். சந்தேகம் வந்துவிட்டால் அதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. அளவு 1.9 என்று வந்தது. சலைன் ஏற்றி, அடுத்தடுத்து ரத்தம் பார்த்து, சில நாளில் இறங்கியது.

கேஸ் ஷீட்டில் இதெல்லாம் இருக்கிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்த அளவு, டாக்டர் வந்த நேரம் எல்லாம். டம்ளர் இல்லை. அதை முதலில் பார்த்தவரும் இல்லை. அந்தக் கடிதம் வரும்வரை அது எனக்கும் உறைக்கவில்லை.

முதல் வரைவில் அந்த நோயாளியின் கட்டில் எண்ணும், அவர் பார்த்துவந்த வேலையும் இருந்தன. ஊரெல்லாம் தெரிந்த வேலை. பெயர் இல்லையே, பரவாயில்லை என்று அவர் நினைத்திருக்கிறார். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, நோயாளியைப் பற்றிய தகவலைக் காக்கும் கடமையை எங்கள் எல்லோர் மீதும் வைக்கிறது. ராஜினாமாக் கடிதம் மனிதவளப் பிரிவுக்குப் போகும், கணக்குப் பிரிவுக்குப் போகும், நகல் எடுக்கப்படும். பெயரை மட்டும் எடுத்தால் போதாது. ‘இவராகத்தான் இருக்கும்’ என்று யாராவது சொல்லக்கூடிய எதையும் எடுத்துவிட வேண்டும். நான் பென்சிலால் வட்டமிட்டேன். அவர் மாற்றி எழுதிக் கொண்டுவந்தார்.

இன்னொரு வரியையும் வட்டமிட வேண்டியிருந்தது. “இத்தனை நாள் நான் எழுதிவைத்த குறிப்புகள் என் ஆய்வுக்கு உதவும்” என்று எழுதியிருந்தார். அவர் ஆராயப் போவது, ஒரு நோயாளியைக் கட்டிவைப்பதற்கு முந்தைய அரைமணி நேரத்தைப் பற்றி. அந்த நேரத்தில் யார் என்ன பேசினார்கள், எங்கே அதைத் தணித்திருக்கலாம் என்று தேடப் போகிறார். நல்ல கேள்வி. அதே சட்டத்தின் 97ஆம் பிரிவு, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் கட்டலாம், ஆள் பற்றாக்குறை என்பது காரணம் ஆகாது என்கிறது. காரணத்தையும் எவ்வளவு நேரம் என்பதையும் எழுதிவைக்கவும் சொல்கிறது. அதற்கு முந்தைய அரைமணி நேரம் எந்தப் படிவத்திலும் இல்லை. ஆனாலும் நர்சாக இருந்து தெரிந்துகொண்டதை ஆய்வாளராக எடுத்துப் போக முடியாது. நெறிமுறைக் குழு அனுமதித்த பிறகு, சம்மதம் கேட்டுத் திரும்ப வர வேண்டும். நோயாளிகளின் பெயர் இருந்த அந்தப் பாக்கெட் நோட்டை வார்டிலேயே கிழித்துவிட்டுத்தான் போனார். கிழிக்கும்போது அவர் முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கடிதம் எழுதியாகிவிட்டது, ஆனால் நோயாளிகளிடம் யார் சொல்வது? அமெரிக்க மனநல நர்ஸ் ஹில்டெகார்ட் பெப்லாவ் 1952இல் வெளியான தன் நூலில், நர்சுக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவுக்குக் கட்டங்கள் உண்டு என்றார். அதன் கடைசிக் கட்டம் அந்த உறவை முறையாக முடித்துக்கொள்வது. (டாக்டர் ஒருவரின் பெயரும் சேராமல் ஒரு நர்ஸ் தனியாகப் புத்தகம் போடுவதா என்ற தயக்கத்தில் அந்த நூல் சில ஆண்டுகள் அச்சேறாமலே கிடந்ததாம்.) பிரிவால் முன்பே நொந்தவர்கள் நிறைந்த வார்டில், ஒரு சிஸ்டர் திடீரென்று வராமல் போனால், தான் செய்த ஏதோ தப்பால்தான் போய்விட்டார் என்று நினைக்கிறவர்கள் இருப்பார்கள். சிலர் மாத்திரையைத் துப்புவார்கள், சிலர் சாப்பிட மாட்டார்கள்.

அதனால் கடைசி நாளில் கேக் வெட்டிச் சொல்வது எங்கள் வழக்கம் இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்பே, தன் பொறுப்பில் இருந்த ஒவ்வொருவரிடமும் தனியாக உட்கார்ந்து சொன்னார். “நான் படிக்கப் போறேன். இந்தத் தேதிக்கு மேல வர மாட்டேன். உங்களை இனிமே இந்த சிஸ்டர் பாப்பாங்க.” அந்த சிஸ்டரையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டுதான் சொன்னார். ‘அடிக்கடி வந்து பார்ப்பேன்’ என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒருவர் மூன்று நாள் அவரிடம் பேசவில்லை. நான்காம் நாள் வந்து, படித்து முடித்தால் ஊசி போட மாட்டீர்களா என்று கேட்டாராம்.

கடைசி நாள் ஹேண்டிங் ஓவர் முடிந்து சாவிக்கொத்தை எண்ணி வாங்கினேன். மருந்து அலமாரியையும் சேர்ந்து சரிபார்த்தோம். கடிதத்தில் பெயர் வந்திருந்த எல்லோருடைய பணிக்கோப்பிலும் ஒரு நகல் வைக்கச் சொல்லி அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஒன்று மட்டும் திரும்பி வந்தது. ஆயாம்மா கான்ட்ராக்ட் ஆள், அவருக்குப் பணிக்கோப்பே இல்லை என்று எழுதியிருந்தார்கள். அந்த நகலை அவர் கையிலேயே கொடுத்தேன். நாலாக மடித்து, அடையாள அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள் செருகிக்கொண்டு, டீ கேனைத் தூக்கப் போய்விட்டார்.