பட்டன் ஏன் கழன்றது?

திருப்பூரில் குழந்தைகள் உடை தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பாவிலிருந்து பையரின் மெயில் வருகிறது. கைக்குழந்தைகளுக்கான ரோம்பரில் ஸ்நாப் பட்டன் கழன்றுவிட்டதாக மூன்று பேர் கடையில் வந்து திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். போன சரக்கு 12,000 பீஸ். அதில் மூன்றுதானே என்று தோன்றலாம். ஆனால் கைக்குழந்தை எதை எடுத்தாலும் வாயில்தான் வைக்கும். தொண்டையை அடைக்கிற அளவில் இருக்கும் உலோகத் துண்டு அது. ஒன்று கழன்றாலே மொத்தச் சரக்கையும் பையர் கடைகளிலிருந்து எடுத்துவிடக்கூடும்.

மெயில் இப்படித்தான் முடியும்: "கேப்பா அனுப்புங்கள்." திருத்த நடவடிக்கை, தடுப்பு நடவடிக்கைப் பதிவுக்குத் தொழிலில் வழங்கும் பெயர் இது. என்ன கோளாறு, உடனடியாக என்ன செய்தீர்கள், மூல காரணம் என்ன, அதை நீக்க என்ன செய்கிறீர்கள், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், சரியானதை யார் எப்படி உறுதி செய்தார் என்பதையெல்லாம் கேட்கும் ஒரு பக்கப் படிவம். பல இடங்களில் இதை ஒரு மணி நேரத்தில் நிரப்பிவிடுவார்கள். மூல காரணம்: ஆபரேட்டரின் கவனக்குறைவு. நடவடிக்கை: பயிற்சி அளிக்கப்பட்டது. பொறுப்பு: தரக் கட்டுப்பாட்டுத் துறை. சரிபார்ப்பு: முடிந்தது. அனுபவமுள்ள ஆடிட்டர் இந்த நான்கு வரிகளைப் பார்த்ததுமே அங்கே எவரும் மெஷின் பக்கம் போய்ப் பார்க்கவில்லை என்பதைப் புரிந்துகொள்வார்.

முதல் வேலை, பரவாமல் நிறுத்துவது. பேக்கிங்கில் இருக்கும் பெட்டிகள், கப்பலில் போகும் சரக்கு, பையரின் கிடங்கில் உள்ள இருப்பு என எங்கே எத்தனை பீஸ் என்று எழுதி, அத்தனையையும் நிறுத்திவைக்க வேண்டும். இது திருத்தம் மட்டுமே. காரணத்தை இன்னும் யாரும் தொடவில்லை. படிவத்தில் இதற்குத் தனிக் கட்டம் இருந்தும், 'பழுதான பீஸ்கள் மாற்றித் தரப்பட்டன' என்பதையே திருத்த நடவடிக்கையாக எழுதும் பழக்கம் நம்மிடம் விடமாட்டேன் என்கிறது.

அடுத்து, திரும்பி வந்த மூன்று பீஸையும் மேசையில் விரித்துப் பார்க்க வேண்டும். ஸ்நாப் பட்டனின் ஒரு பக்கத்தில் சின்னச் சின்னப் பற்கள் உள்ள வளையம் இருக்கும். மெஷின் அழுத்தும்போது அந்தப் பற்கள் துணியைத் துளைத்து, எதிர்ப்பக்கத் துண்டுக்குள் போய்ச் சுருண்டு பிடித்துக்கொள்ளும். அழுத்தம் கூடினால் பல் துணியை வெட்டிவிடும்; குறைந்தால் பல் சுருளாது. இந்த மூன்று பீஸிலும் துணி கிழியவில்லை. பற்கள் பாதி சுருண்டபடியே வெளியே வந்திருக்கின்றன. மூன்றிலும் கழன்றது ஒரே இடம், கால் பக்கம் ஓரத்தில் இருக்கும் கடைசிப் பட்டன். ஆபரேட்டரின் கவனக்குறைவு என்றால் அது எந்தப் பட்டனிலும் வந்திருக்கலாமே. மூன்று தடவையும் ஓரத்துக்கே ஏன் போகிறது?

ஏன், ஏன் என்று அடுக்கிக் கேட்கும் டொயோட்டா முறை இங்கேதான் கைகொடுக்கும். பட்டன் ஏன் கழன்றது? பல் முழுதாகச் சுருளவில்லை. ஏன்? அந்த இடத்துக்கு அழுத்தம் போதவில்லை. ஏன்? ரோம்பரின் நடுவில் தையல் சேரும் இடத்தில் துணி நான்கு மடிப்பு, ஓரத்தில் இரண்டே மடிப்பு. மெஷினின் டை இடைவெளியைத் தடித்த இடத்துக்கு வைத்து எல்லாப் பட்டனையும் அதே அளவில் அடித்திருக்கிறார்கள். அப்படி ஏன் வைத்தார்கள்? எந்த இடத்தை வைத்து செட் செய்வது என்று வேலைக் குறிப்பில் இல்லை. துணியின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதை சாம்பிள் தைக்கும்போது யாரும் கவனிக்கவில்லை.

கோளாறு ஏன் வந்தது என்று கேட்பதோடு, நம் செக்கிங்கைத் தாண்டி அது எப்படி வெளியே போனது என்றும் தனியாகக் கேட்க வேண்டும். பட்டனை இழுத்துப் பார்க்கும் சோதனை தினமும் நடந்துகொண்டுதான் இருந்தது. ஐரோப்பியப் பையர்கள் பலர் கேட்பது 90 நியூட்டன் விசையை 10 நொடி தாங்க வேண்டும் என்பது. ஏறக்குறைய 9 கிலோ எடையைத் தொங்கவிட்டது போல. ஆனால் சோதித்தது காலையில் மட்டும், அதுவும் கத்தரித்து வைத்த துண்டுத் துணியில். ரோம்பரின் ஓரப் பட்டனை எவரும் இழுத்துப் பார்க்கவில்லை.

இவ்வளவும் இன்னும் ஊகம்தான். கண்டுபிடித்த காரணம் சரியா என்று தெரிந்துகொள்ள, கோளாறை வேண்டுமென்றே வரவழைத்துப் பார்க்க வேண்டும். பழைய இடைவெளியிலேயே ஓரத்தில் பத்துப் பட்டன் அடித்து இழுத்தால் சில 90-க்கு முன்பே கழல வேண்டும். இடைவெளியைச் சரிசெய்து அடித்தால் எல்லாம் தாங்க வேண்டும். பழைய செட்டிங்கிலும் பத்தும் தாங்கிவிட்டால் காரணம் வேறெங்கோ இருக்கிறது, மேசைக்குத் திரும்ப வேண்டியதுதான். இந்த ஒரு மணி நேரச் சோதனையைச் செய்யும் யூனிட்டுகள் குறைவு என்பது என் எண்ணம்.

இப்போது பொறுப்பாளர். 'துறை' என்று எழுதினால் அது யாருடைய வேலையும் இல்லை. ஒரு வேலைக்கு ஒரு பெயர், ஒரு தேதி. அந்தப் பெயருக்குரியவருக்கு அதை மாற்றும் அதிகாரமும் இருக்க வேண்டும். ஓரத்தில் உள்பக்கம் ஒரு டேப் வைத்துத் தைத்துத் தடிமனைச் சமன் செய்வது சாம்பிள் பிரிவுத் தலைவரின் வேலை. துணிக்கும் கூலிக்கும் கூடுதலாகும் பைசாவைப் பையரிடம் பேசிச் சம்மதம் வாங்குவது மெர்ச்சண்டைசரின் வேலை. இதை லைன் சூப்பர்வைசர் தலையில் கட்டினால் அவரால் முடிந்தது ஆபரேட்டரைத் திட்டுவது மட்டுமே. அசல் உடையில், ஒவ்வொரு பட்டன் இடத்திலும், ஸ்டைல் மாறும்போதெல்லாம் இழுவைச் சோதனை என்று வேலைக் குறிப்பை மாற்றுவது தரப் பிரிவு மேலாளருக்கு.

தடுப்பு நடவடிக்கை என்பது இதே கோளாறு இன்னும் வராத இடங்களைத் தேடிப் போவது. இதே யூனிட்டில் ஸ்நாப் பட்டன் வைக்கும் மற்ற ஸ்டைல்கள், வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்த சரக்கு, இனி வரப்போகும் ஆர்டர்கள். ஐஎஸ்ஓ 9001-இன் 2008 பதிப்பில் இதற்குத் தனிப் பிரிவே இருந்தது. 2015 பதிப்பில் அதை எடுத்துவிட்டு, ஆபத்தை முன்கூட்டியே யோசிப்பது என்பதற்குள் கரைத்துவிட்டார்கள். படிவத்தின் பெயர் மட்டும் மாறவில்லை.

சரிபார்ப்பில்தான் பெரும்பாலான பதிவுகள் கவிழ்கின்றன. சொன்னதைச் செய்தார்களா என்பது ஒன்று. செய்ததால் பலன் கிடைத்ததா என்பது வேறு. முதலாவதை டேப் வைத்த பீஸையும் புதிய வேலைக் குறிப்பையும் பார்த்து ஒரே நாளில் முடிக்கலாம். இரண்டாவதற்குக் காலம் வேண்டும். 'ஒரு மாதமாகப் புகார் இல்லை' என்பது சாட்சியே ஆகாது. சரக்கு கடல் கடந்து, கடைக்குப் போய், விற்று, பல தடவை துவைத்த பிறகுதான் புகார் வரும். 200 பீஸ் எடுத்துப் பார்த்தோம், ஒன்றும் கழலவில்லை என்பதும் போதாது. 12,000-க்கு மூன்று என்ற அளவில் வரும் கோளாறு, எதையுமே மாற்றாமல் விட்டிருந்தாலும் 200 பீஸில் அநேகமாகக் கண்ணில் படாது.

அதனால் தேறியது, தேறவில்லை என்று டிக் அடிப்பதை விட்டு, சில பீஸ்களைப் பட்டன் கழலும் வரை இழுத்து, எந்த விசையில் கழன்றது என்ற எண்ணை எழுத வேண்டும். பழைய முறையில் ஓரப் பட்டன்கள் 70, 85, 95 என்று எல்லைக் கோட்டைச் சுற்றியே தடுமாறியிருந்தால், டேப் வைத்த பிறகு எல்லாம் 120-க்கு மேல் போகிறதா என்று பார்க்கலாம். பத்து இருபது பீஸிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். அந்த பீஸ்கள் வீண்தான். அந்தச் செலவைத் தவிர்க்க முடியாது. இழுத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுபவர் பொறுப்பாளர் பட்டியலில் இல்லாத ஒருவராக இருக்க வேண்டும்.

அடுத்த மூன்று ஷிப்மென்ட்டுக்கு இப்படிப் பார்ப்பதாகப் படிவத்தில் எழுதியிருந்தார்கள் என்று வையுங்கள். இரண்டு தேறிவிட்டன. மூன்றாவதில், ஒரே ஒரு மெஷினில் அடித்த பட்டன்கள் மட்டும் 100-க்குப் பக்கத்தில் நிற்கின்றன. 90-ஐத் தாண்டியவைதான், பையரிடம் காட்டினால் தேறிவிடும். டையைக் கழற்றிப் பார்த்தால் விளிம்பு தேய்ந்திருக்கிறது. அதை எப்போது மாற்றுவது என்று எந்தக் குறிப்பிலும் இல்லை. படிவத்தை மூடாமல், மெயின்டனன்ஸ் பொறுப்பாளர் பெயரிலும் ஒரு தேதியிலும் புதிதாக ஒரு வரி சேர்கிறது. எண்ணிக்கை அடுத்த ஷிப்மென்ட்டிலிருந்து மறுபடி ஒன்றில் தொடங்குகிறது.