டென்னிஸ் பிடிகள்: பந்து எந்த உயரத்தில் வருகிறது?

டென்னிஸ் மட்டையின் கைப்பிடி உருண்டையாக இருப்பதில்லை. அதற்கு எட்டுப் பட்டைகள் உண்டு. மட்டையின் விளிம்பு தரையை நோக்கி இருக்கும்படி நேரே நீட்டிப் பிடித்தால், மேலே தட்டையாகத் தெரிவது முதல் பட்டை. வலக்கை ஆட்டக்காரர் அங்கிருந்து வலப்புறமாக எண்ணிக்கொண்டு போக வேண்டும், இடக்கைக்காரருக்கு இடப்புறமாக. ஆள்காட்டி விரலின் அடிமூட்டு எந்தப் பட்டையில் பதிகிறது என்பதை வைத்தே பிடிக்குப் பெயர். மூன்றாம் பட்டையில் பதிந்தால் ஈஸ்டர்ன், நான்கில் செமி வெஸ்டர்ன், ஐந்தில், அதாவது கைப்பிடியின் அடிப்புறத்தில் பதிந்தால் வெஸ்டர்ன். இங்கே பேசப்படுவது ஃபோர்ஹேண்ட் அடிக்கான பிடிகள் மட்டுமே.

வெஸ்டர்ன் பிடி டாப்ஸ்பின் தரும், ஈஸ்டர்ன் தட்டையான அடி தரும் என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. எந்தப் பிடியும் தானாகப் பந்தைச் சுழற்றுவதில்லை. மட்டை கீழிருந்து மேல்நோக்கி ஏறிக்கொண்டே பந்தை உரசும்போதுதான் டாப்ஸ்பின் பிறக்கிறது. அப்படி முன்புறமாகச் சுழலும் பந்தைக் காற்று கீழ்நோக்கி அழுத்துகிறது. அதனால் நடுவில் 91 சென்டிமீட்டர் உயரமுள்ள வலையை நல்ல இடைவெளி விட்டுத் தாண்டியும், பந்து எல்லைக்கோட்டுக்குள் இறங்கிவிடும். விழுந்தபின் உயரமாக எழும்பும். தட்டையான அடி வேகமாகப் போகும். ஆனால் வலைக்கு மேலே அதற்குக் கிடைக்கும் இடம் குறைவு.

பிடி தீர்மானிப்பது வேறொன்றை. மணிக்கட்டை வளைக்காமல் அடிக்கும்போது, மட்டையின் முகம் எந்த உயரத்தில் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும் என்பதே அது. ஈஸ்டர்னில் உள்ளங்கை கைப்பிடிக்குப் பின்னால், கை குலுக்குவதுபோல் அமைகிறது. உள்ளங்கை பார்க்கும் திசையையே மட்டையின் முகமும் பார்க்கும். இடுப்பளவில் வரும் பந்துக்கு அது கச்சிதம். பந்துக்குப் பின்னால் நேராகத் தள்ளி அடிக்கலாம். பந்து தோளுக்கு எழும்பினால்தான் தொல்லை: முகம் வானத்தைப் பார்க்கத் தொடங்கும், அடி நீளமாகிக் கோட்டுக்கு வெளியே போகும்.

வெஸ்டர்னில் உள்ளங்கை கைப்பிடிக்கு அடியில் போய்விடுகிறது. இந்தப் பிடியோடு இடுப்பளவுப் பந்தை நேராக அடித்தால், முகம் தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருப்பதால் பந்து வலையில்தான் மோதும். அதைத் தவிர்க்க ஆட்டக்காரர் மட்டையைச் செங்குத்தாக மேலே இழுத்தாக வேண்டும். சுழற்சி வருவது இந்தக் கட்டாயத்தால்தான். தோளளவில், உடலுக்கு நன்கு முன்னால் பந்தைச் சந்தித்தால் முகம் தானாகவே நிமிரும். அங்கே இந்தப் பிடிக்கு நிகரில்லை. முழங்காலுக்குக் கீழே வரும் பந்துக்கோ மிக ஆழமாகக் குனிய வேண்டியிருக்கும்.

பெயர்களிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அந்நாளில் பெரும்பாலும் புல்தரை ஆடுகளங்கள். பந்து தாழ்வாக வரும். மேற்கே கலிஃபோர்னியாவில் சிமென்ட் தரை. பந்து உயர எழும்பும். அங்கே வளர்ந்த குள்ளமான ஆட்டக்காரர் பில் ஜான்ஸ்டன், வெஸ்டர்ன் ஃபோர்ஹேண்டால் பேர் வாங்கினார். அதே பிடியோடு 1923-இல் விம்பிள்டன் புல்தரையிலும் வென்றார். எனவே ஆடுகளம் ஒரு பிடிக்குச் சாதகமாக இருக்கலாம். மற்றதை அடியோடு தடுப்பதில்லை.

ஆட்டக்காரரின் உயரமும் கணக்கில் வரும். 2009 அமெரிக்க ஓபன் இறுதியில் ஃபெடரரை வீழ்த்திய டெல் போத்ரோவின் ஆயுதம், ஈஸ்டர்ன் பிடியில் தட்டையாக அடிக்கும் ஃபோர்ஹேண்ட். அவர் உயரம் 1.98 மீட்டர். மற்றவர்களுக்குத் தோளளவில் வரும் பந்து அவருக்கு அவ்வளவு உயரமில்லை.

இரண்டுக்கும் நடுவில் நிற்கும் செமி வெஸ்டர்ன் இன்று மிகப் பரவலான பிடி. இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட பந்து இதற்கு ஏற்றது. நன்றாக உரசி மேலே இழுத்தால் டாப்ஸ்பின் கிடைக்கும். குட்டையாக வந்து எழும்பும் பந்தைத் தட்டையாக அடித்து முடிக்கவும் முடியும். வலையருகே ஓடி வாலி ஆடுவோருக்கு இன்னொரு செய்தியும் முக்கியம். வாலிக்கு உகந்த கான்டினென்டல் பிடி இரண்டாம் பட்டையில் இருக்கிறது. ஈஸ்டர்னிலிருந்து அதற்கு ஒரு பட்டை நகர்ந்தால் போதும், வெஸ்டர்னிலிருந்து மூன்று பட்டை நகர வேண்டும். வேகமான ஆட்டத்தில் அதற்கு நேரம் இருக்காது.

தன் பிடி பொருந்துகிறதா என்பதைப் பிழைகளே காட்டிவிடும். உயரப் பந்துகள் அடிக்கடி கோட்டைத் தாண்டினால் ஒரு பட்டை வெஸ்டர்ன் பக்கம் நகரலாம். தாழ்ந்த பந்துகள் தொடர்ந்து வலையில் விழுந்தால் ஒரு பட்டை ஈஸ்டர்ன் பக்கம். ஒரே தாவலில் இரண்டு பட்டை மாற்றினால் பந்தைச் சந்திக்கும் இடமும் வீச்சும் சேர்ந்தே குலைந்துவிடும். புதிதாகத் தொடங்குவோர் ஈஸ்டர்னில் தொடங்கி, பந்தைப் பார்த்துப் பார்த்து செமி வெஸ்டர்னுக்கு நகர்வதே நல்லது.