ஐந்து பைட்டில் ஒரு மறுப்பு

தொழிற்சாலையின் மின் அறையில் வரிசையாக நிற்கும் பேனல்களின் முகப்பில் சின்னச் சின்ன எனர்ஜி மீட்டர்கள் பதிந்திருக்கும். அவற்றின் பின்புறத்தில் முறுக்கிய கம்பி ஜோடி ஒன்று மீட்டருக்கு மீட்டர் தாவிப் போய், கடைசியில் ஒரு கணினியிலோ பி.எல்.சி.யிலோ முடியும். அந்தக் கம்பியில் பெரும்பாலும் ஓடுவது மாட்பஸ். அமெரிக்காவின் மாடிகான் நிறுவனம் தன் பி.எல்.சி.களுக்காக 1979இல் வெளியிட்ட பேச்சுமுறை இது. அதன் பிறகு எத்தனையோ புதிய முறைகள் வந்தும் மீட்டர், இன்வெர்ட்டர், ஏ.சி. இயந்திரம், ஜெனரேட்டர் எல்லாவற்றிலும் இன்றைக்கும் இதுவே இருக்கிறது. காரணம், அதன் எளிமை. ஒரு கேள்வி, ஒரு பதில், அவ்வளவுதான்.

கேட்பது எப்போதும் மாஸ்டர். கேட்டால் மட்டுமே வாய் திறப்பது ஸ்லேவ். 2020இல் மாட்பஸ் அமைப்பு இந்தப் பெயர்களைக் கைவிட்டு கிளையண்ட், சர்வர் என்று மாற்றிக்கொண்டது. பேனல் அறைகளில் பழைய பெயர்கள்தான் புழங்குகின்றன என்பதால் நானும் அவற்றையே எழுதுகிறேன்.

கேள்வியின் முதல் பைட், எந்தக் கருவியைக் கேட்கிறோம் என்கிற எண். இரண்டாவது பைட்தான் ஃபங்ஷன் கோடு, அதாவது என்ன வேலை செய்ய வேண்டும் என்கிற எண். படிப்பதற்கென்று முக்கியமாக நான்கு உண்டு. கருவிக்குள் இருக்கும் தகவலை மாட்பஸ் நான்கு அலமாரிகளாகப் பிரித்துப் பார்ப்பதால் இந்த நான்கு. வெளியிலிருந்து போட்டு நிறுத்தக்கூடிய ஆன்-ஆஃப் நிலைகளைப் படிக்க 1. வெறுமனே பார்க்க மட்டும் முடிகிற ஆன்-ஆஃப் நிலைகளுக்கு 2. மாற்றி எழுதக்கூடிய எண்களுக்கு 3. பார்க்க மட்டும் முடிகிற அளவீட்டு எண்களுக்கு 4. எண்கள் இருக்கும் ஒவ்வொரு அறைக்கும் ரெஜிஸ்டர் என்று பெயர். ஒரு ரெஜிஸ்டரில் இரண்டு பைட் அடங்கும்.

இந்தக் கணக்குப்படி பார்த்தால் வோல்டேஜ், ஆம்பியர் எல்லாம் நான்காவது அலமாரியில்தான் இருக்க வேண்டும். ஆனால் பல மீட்டர் தயாரிப்பாளர்கள் எல்லாவற்றையும் மூன்றாவதில் போட்டுவிடுகிறார்கள். சிலர் இரண்டிலும் வைக்கிறார்கள். விதி எளிமையாக இருப்பதன் விலை இது. கையேட்டைப் பார்க்காமல் எதையும் ஊகிக்க முடியாது.

இனி ஒரு மீட்டரை எடுத்துக்கொள்வோம். அதன் எண் 1. கையேட்டில் "40101, முதல் ஃபேஸ் வோல்டேஜ், 2 ரெஜிஸ்டர், ஃப்ளோட்" என்று ஒரு வரி இருக்கிறது. புதிதாக வேலைக்கு வந்த பொறியாளர் மென்பொருளில் முகவரி என்ற கட்டத்தில் 40101 என்றே அடிக்கிறார். கம்பியில் போகும் பைட்டுகள் இவை:

```
01 03 9C A5 00 02 FA 78
```

முதலில் மீட்டர் எண், பிறகு ஃபங்ஷன் கோடு 3, அடுத்த இரண்டு பைட் தொடக்க முகவரி, அடுத்த இரண்டு பைட் எத்தனை ரெஜிஸ்டர் வேண்டும் என்பது. கடைசி இரண்டும் சி.ஆர்.சி., வழியில் எழுத்து ஏதும் மாறிவிட்டதா என்று சரிபார்க்கும் எண். பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் 9CA5 என்றால் 40101. மீட்டர் இப்படிப் பதில் சொல்கிறது:

```
01 83 02 C0 F1
```

கேட்டது 3. பதிலில் அதே இடத்தில் 83 நிற்கிறது. பத்தடிமானத்தில் 131, அதாவது மூன்றோடு 128 கூடியிருக்கிறது. ஃபங்ஷன் கோடுகள் 127ஐத் தாண்டக் கூடாது என்று முதலிலேயே விதித்துவிட்டதால் அந்த பைட்டின் தலைமாட்டு பிட் எப்போதும் சும்மா கிடக்கும். "முடியாது" என்று சொல்ல அந்த பிட்டை ஏற்றிவிட்டால் போதும். எந்தக் கேள்விக்கு மறுப்பு என்பதும் அதே பைட்டில் தெரிந்துவிடுகிறது. இதற்குத்தான் எக்ஸெப்ஷன் என்று பெயர். ஏன் முடியாது என்பதை அடுத்த பைட் சொல்கிறது. இங்கே அது 02: அந்த முகவரியில் என்னிடம் எதுவும் இல்லை.

பைத்தான் எழுதுகிறவர்கள் இதையே வேறு உருவில் பார்த்திருப்பார்கள். பைமாட்பஸ் நூலகத்தின் பழைய பதிப்புகள் திரையில் இப்படிக் காட்டும்:

```
Exception Response(131, 3, IllegalAddress)
```

அந்த 131 என்னவென்று இணையத்தில் தேடி அலைய வேண்டியதில்லை. 128ஐக் கழியுங்கள், பக்கத்திலேயே நிற்கும் 3 வரும்.

மறுப்பு வந்ததும் பலர் செய்கிற முதல் காரியம் கம்பியைப் பிடுங்கி மாற்றிப் போடுவது. என் கணிப்பில் இதைவிட வீண் வேலை கிடையாது. அந்த ஐந்து பைட் வந்து சேர்ந்தது என்றாலே கம்பி சரி, வேகம் சரி, பாரிட்டி சரி, மீட்டர் எண் சரி, சி.ஆர்.சி.யும் சரி. விலாசதாரர் இல்லை என்று எழுதித் திரும்பி வந்த பதிவுத் தபாலும் போன இடம் தெரியாமல் தொலைந்த தபாலும் ஒன்றல்லவே. சி.ஆர்.சி. தவறாக வந்த கேள்விக்கு ஸ்லேவ் எக்ஸெப்ஷன் அனுப்பாது, எதுவுமே பேசாது. தனக்கு வராத எண்ணில் கேட்டாலும் பேசாது. ஆகவே கம்பிக் கோளாறின் அடையாளம் மௌனம். எக்ஸெப்ஷன் என்றால் கோளாறு கேள்வியில்தான், அல்லது கருவிக்குள்.

இந்த இரண்டையும் குழப்பிவிடும் மென்பொருள்களும் இருக்கின்றன. இரண்டு ரெஜிஸ்டர் கேட்டால் ஒன்பது பைட் பதில் வர வேண்டும். ஒன்பதும் வரும் வரை காத்திருப்பதுபோல் ஒருவர் நிரல் எழுதியிருந்தால், ஐந்தே பைட்டில் வரும் மறுப்பு அதற்குப் பாதி பதிலாகத் தெரியும். பொறுத்துப் பார்த்துவிட்டு, பதில் இல்லை என்று திரையில் போடும். நீங்களும் கம்பியைச் சந்தேகிப்பீர்கள். மீட்டர் பேனலில் தகவல் தொடர்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்க, திரை மட்டும் பதில் இல்லை என்றால், கம்பியில் ஓடும் பைட்டுகளை அப்படியே காட்டும் சீரியல் மானிட்டர் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். இரண்டாவது பைட் 80க்கு மேலே இருந்தால் மீட்டர் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

நம் பொறியாளரிடம் திரும்புவோம். 40101 என்பது கையேட்டுக்காரர்களின் பழைய எழுத்து வழக்கம். முன்னால் உள்ள 4, ரெஜிஸ்டர் மூன்றாம் அலமாரியைச் சேர்ந்தது என்று குறிக்கிறது. (ஃபங்ஷன் கோடு 3க்கு 4 என்ற முன்னொட்டும், 4க்கு 3 என்ற முன்னொட்டும் அமைந்தது இத்துறையில் நுழைகிற எல்லோரையும் ஒரு முறையாவது கவிழ்க்கும்.) மீதி 0101, நூற்றியோராவது ரெஜிஸ்டர். கம்பியில் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால் அனுப்ப வேண்டிய முகவரி 100, அதாவது 0064. கேட்டதும் பதிலும் இப்போது:

```
01 03 00 64 00 02 85 D4
01 03 04 43 66 33 34 1A 8F
```

பதிலில் 04 என்பது தகவல் நான்கு பைட் என்று சொல்கிறது. 43 66 33 34 என்ற நான்கையும் ஃப்ளோட்டாக வாசித்தால் 230.2 வோல்ட்.

ஒருவேளை அவர் முன்னொட்டை மட்டும் நீக்கி, ஒன்றைக் கழிக்க மறந்து 101 என்று கேட்டிருந்தால்? சில மீட்டர்கள் ஒரு மதிப்பின் நடுவிலிருந்து படிக்க விடாமல் 02 என்று மறுத்துவிடும். பல மீட்டர்கள் மறுக்காது. முதல் ஃபேஸின் பின்பாதியையும் இரண்டாம் ஃபேஸின் முன்பாதியையும் ஒட்டி, 33 34 43 66 போன்ற ஒன்றைக் கொடுக்கும். அதை வாசித்தால் 0.00000004 அளவில் ஒரு எண் வரும்; திரையில் பூஜ்யம் என்று தெரியும். சி.ஆர்.சி. சரி, எக்ஸெப்ஷன் இல்லை, ஆனால் மதிப்பு பொய். எக்ஸெப்ஷனைக் கண்டு பயப்படுகிறவர்கள் உண்மையில் பயப்பட வேண்டியது இந்த மாதிரி ஒழுங்கான பதிலுக்குத்தான். புதிய மீட்டரை இணைத்ததும் கிளாம்ப் மீட்டரையோ மல்டிமீட்டரையோ வைத்து ஒரு மதிப்பையாவது ஒத்துப் பார்ப்பது இதற்காகவே.

02 வர இன்னொரு வழியும் உண்டு. தொடக்க முகவரி சரியாக இருந்தும், கேட்ட நீளம் எல்லை தாண்டினால் மறுப்பு வரும். ஒரு கருவியில் 0 முதல் 99 வரை நூறு ரெஜிஸ்டர் என்று வையுங்கள். 96இலிருந்து நான்கு கேட்டால் கிடைக்கும். ஐந்து கேட்டால் நான்கைக் கொடுத்துவிட்டு ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்காது, மொத்தத்தையும் மறுத்துவிடும். நடுவில் காலி முகவரிகள் உள்ள மீட்டரில் அவற்றையும் சேர்த்து ஒரே மூச்சில் வாரிக்கொள்ள நினைத்தால் பல கருவிகளில் இதே கதிதான். எந்த ரெஜிஸ்டரால் மறுப்பு என்று பதிலில் இருக்காது. அதனால் கேள்வியைப் பாதி பாதியாக வெட்டிக் கேட்டுப் பார்ப்பதே வழி.

மற்ற எண்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 01 வந்தால் அந்த ஃபங்ஷன் கோடே கருவிக்குத் தெரியாது. 3க்குப் பதில் 4 போட்டுப் பார்க்க வேண்டிய நேரம். 03 என்றால் கேள்வியின் அமைப்பே தவறு. ஒரே கேள்வியில் 125 ரெஜிஸ்டருக்கு மேல் கேட்க விதி இடம் தராது, கேட்டால் 03. சிறிய மீட்டர்களின் சொந்த வரம்பு இன்னும் குறைவாக இருக்கலாம். 04 கருவிக்குள்ளேயே கோளாறு, 06 வேறு வேலையில் இருக்கிறேன், பிறகு கேள் என்பது. 06க்கு மட்டும் சற்றுப் பொறுத்து அதே கேள்வியைத் திரும்பக் கேட்பதில் அர்த்தம் உண்டு. 01, 02, 03 மூன்றுக்கும் ஆயிரம் முறை கேட்டாலும் பதில் மாறாது. அப்படிக் கேட்டுக்கொண்டே இருக்கும் மென்பொருள் அதே கம்பியில் உள்ள மற்ற மீட்டர்களின் நேரத்தைத்தான் தின்னும்.

ஈதர்நெட்டிலிருந்து ஆர்.எஸ்-485 கம்பிக்கு மாற்றித் தரும் கேட்வே நடுவில் இருந்தால் 0B என்ற எண்ணும் வரக்கூடும். இதை அனுப்புவது மீட்டர் அல்ல, கேட்வே. மறுபக்கத்தில் மீட்டர் பதிலே சொல்லவில்லை என்பதை அது உங்களுக்கு எக்ஸெப்ஷனாக மாற்றித் தருகிறது. கம்பியைப் போய்ப் பார்க்கச் சொல்லும் எக்ஸெப்ஷன் இது.

மீட்டர் விற்றவரின் சர்வீஸ் பிரிவை அழைக்கும் முன், நீங்கள் அனுப்பிய எட்டு பைட்டையும் திரும்பி வந்த ஐந்து பைட்டையும் அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "மீட்டர் வேலை செய்யவில்லை" என்று சொல்வதைவிட அந்த இரண்டு வரியை அனுப்பினால் பதில் சீக்கிரம் கிடைக்கும்.