படத்தில் இருப்பது எந்த போர்டு?

அண்ணன் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஒருநாள் இரவு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. "சித்தப்பா, சயின்ஸ் எக்ஸிபிஷனுக்கு இதைத்தான் செய்யப்போறேன். இதுல இருக்கிறது ஆர்டுயினோதானே? எங்க கிடைக்கும்?" போன வருடம் அவள் பள்ளியில் யாரோ செய்து வைத்த வானிலைப் பெட்டியின் படம் அது. கறுப்பாக ஒரு போர்டு, அதன் ஒரு முனையில் வெள்ளி நிறத்தில் சதுரமான தகர மூடி, பக்கத்தில் ஓட்டைகள் நிறைந்த சின்ன நீலப் பெட்டி, இரண்டையும் இணைக்கும் மூன்று வயர்கள்.

அது ஆர்டுயினோ இல்லை. பள்ளிகளில் அதிகம் புழங்கும் ஆர்டுயினோ ஊனோவில் இப்படித் தகர மூடி இருக்காது. பிரிண்டரில் வயர் செருகும் இடம் போலப் பெரிய சதுர யூஎஸ்பி வாயும், இரண்டு ஓரங்களிலும் வயர் குத்தும் கறுப்புச் சாக்கெட்டுகளும் இருக்கும். போர்டின் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. ஒரே போர்டை ஒரு கம்பெனி நீலத்திலும் இன்னொரு கம்பெனி கறுப்பிலும் செய்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தகர மூடியைத்தான். வைஃபை வேலை செய்யும் சிப் அதற்குள் இருக்கிறது. அதன் பெயர் மூடியின் மேலேயே அச்சாகியிருக்கும். ஆனால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பியதால் எழுத்து மங்கிப்போயிருந்தது. "அதே படத்தை டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லும்மா" என்றேன். வந்த படத்தைப் பெரிதாக்கியதும் `ESP8266MOD` என்று தெளிவாகத் தெரிந்தது. அந்த இடத்தில் `ESP-WROOM-32` என்று இருந்திருந்தால் அது அடுத்த தலைமுறை போர்டான ஈஎஸ்பி 32. பெட்டியை நேரில் படமெடுக்க முடிந்தால் போர்டைச் சற்றே சாய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். நேராகப் பிளாஷ் அடித்தால் மூடி பளபளத்து எழுத்தை மறைத்துவிடும்.

மூடியில் இருப்பது சிப்பின் பெயர் மட்டும்தான். அதே சிப்பை வைத்துப் பல போர்டுகள் வருகின்றன. எனவே அடுத்ததாக ஓரத்தில் உள்ள பின்களின் எழுத்துகளைப் படிக்க வேண்டும். இந்தப் போர்டில் ஒரு ஓரத்தில் `D0` முதல் `D8` வரை வரிசையாகவும், எதிர் ஓரத்தின் முனையில் `A0` என்றும் இருந்தன. யூஎஸ்பி வாயின் இருபுறமும் `RST`, `FLASH` என்று இரண்டு பொத்தான்கள். இதுதான் நோட்எம்சியூ. பின்களை எண்ணி மட்டும் முடிவு செய்தால் ஏமாறுவோம். நோட்எம்சியூவிலும் 30 பின், ஈஎஸ்பி 32 போர்டில் பரவலாகக் கிடைக்கும் ஒரு வகையிலும் 30 பின். அந்தப் போர்டில் பொத்தான்களின் பெயர் `EN`, `BOOT` என்று இருக்கும்.

இந்த வித்தியாசத்துக்காக ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? இரண்டு போர்டிலும் `D5` என்று ஒரு பின் உண்டு. ஈஎஸ்பி 32-இல் அது சிப்பின் 5-ஆம் எண் பின். நோட்எம்சியூவிலோ அது சிப்பின் 14-ஆம் எண் பின். போர்டை மாற்றி வாங்கிவிட்டு, எண்ணைப் போட்டு எழுதிய பழைய புரோகிராமை அப்படியே ஏற்றினால், வயர் சரியான இடத்தில் இருப்பது போலத் தெரியும், சென்சார் மட்டும் பேசாது. குழந்தைகள் சென்சார் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்குவதுதான் வழக்கம்.

நோட்எம்சியூவிலும் அகலத்தில் இரண்டு வகை உண்டு. படத்தில் போர்டு பிரெட்போர்டின் மேல் குத்தியிருந்தது. அதன் இருபுறமும் ஒரு வரிசை ஓட்டை வெளியே தெரிந்தது. அப்படியானால் அது குறுகலான வி 2. வி 3 இன்னும் அகலம். அதைப் பிரெட்போர்டில் குத்தினால் ஓட்டைகளை மூடிவிடும், வயர் குத்த இடமிருக்காது.

இனி அந்த நீலப் பெட்டி. வெப்பநிலையையும் காற்றின் ஈரப்பதத்தையும் அளக்கும் `DHT11` அது. அதே உருவத்தில் சற்றே பெரிதாக வெள்ளை நிறத்தில் வருவது `DHT22`. போர்டுக்கு நிறத்தை நம்பாதீர்கள் என்றேன், இந்தச் சென்சாரில் நிறம் பெரும்பாலும் கைகொடுக்கும். நீலம் 2 டிகிரி வரை முன்பின் காட்டலாம், வெள்ளை அரை டிகிரிக்குள் நிற்கும். விலை இரண்டு மூன்று மடங்கு. பள்ளிக் கண்காட்சிக்கு நீலமே போதும்.

அடுத்து அதன் கால்களை எண்ண வேண்டும். நான்கு கால் இருந்தால் அது தனிச் சென்சார். டேட்டா காலுக்கும் பவர் காலுக்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை நாமே போட வேண்டும். மூன்று கால் உள்ள சின்னப் பலகையில் உட்கார்ந்திருந்தால் அது மாட்யூல், ரெசிஸ்டர் அதிலேயே இருக்கும். படத்தில் இருந்தது மாட்யூல். இங்கேதான் பெரிய ஆபத்து. சில மாட்யூல்களில் டேட்டா ஓரத்தில் இருக்கும், சிலவற்றில் நடுவில். படத்தைப் பார்த்து "இடது ஓரம் சிவப்பு வயர்" என்று மாட்டினால் பவரும் கிரவுண்டும் இடம் மாறி, சென்சார் தொட முடியாதபடி சூடாகிச் செத்துப்போகும். கையில் இருக்கும் பலகையில் `+`, `-`, `S` அல்லது `out` என்று எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். நோட்எம்சியூவில் பவருக்கு `3V3`, கிரவுண்டுக்கு `GND`.

பெயர் முழுதாகத் தெரிந்த பிறகு கடைக்குப் போகலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு மவுண்ட் ரோடு பக்கத்து ரிச்சி தெரு. வெளியூரில் இருப்பவர்களுக்கு `robu.in`, `robocraze.com` போன்ற இணையக் கடைகள். வெறுமனே "வைஃபை போர்டு" என்று கேட்டால் கையில் எது இருக்கிறதோ அதைத்தான் தருவார்கள். "நோட்எம்சியூ வி 2, பின் சோல்டர் பண்ணினது, டிஹெச்டி 11 மாட்யூல், மூணு பின்" என்று கேளுங்கள். சோல்டர் செய்யாத பின்கள் தனிக் கவரில் வரும், வீட்டில் சோல்டரிங் அயர்ன் இல்லாவிட்டால் பயன்படாது. யூஎஸ்பி கேபிளை டேட்டா கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் போர்டின் விளக்கு எரியும், கம்ப்யூட்டருக்கோ போர்டு கண்ணிலேயே படாது.

மூன்று நாளில் பார்சல் வந்தது. டேட்டா வயரை `D5`-இல் குத்தினாள். இணையத்தில் கிடைத்த புரோகிராமை ஏற்றினாள். திரையில் வெப்பநிலை 793.60 என்று வந்தது. "சித்தப்பா, வீடு எரியுது!" என்று போனில் கத்தினாள். அந்த புரோகிராம் வெள்ளைச் சென்சாருக்காக எழுதியது. வெள்ளை தன் அளவை இரண்டு பைட்டாகச் சேர்த்து அனுப்பும், நீலம் முழு டிகிரியை முதல் பைட்டிலேயே அனுப்பிவிடும். நீலத்தின் 31-ஐ வெள்ளையின் கணக்கில் படித்தால் 31-ஐ 256-ஆல் பெருக்கி 10-ஆல் வகுத்தது போல 793.6 ஆகிவிடும். மேலே இருந்த வரியைத் திருத்தச் சொன்னேன்.

```
#define DHTPIN D5
#define DHTTYPE DHT11
```

31.00 என்று வந்தது. சென்சாரில் வாய் வைத்து ஊதினாள், ஈரப்பதம் மளமளவென்று ஏறியது. இத்தனை நேரம் படத்தை வைத்துச் செய்த ஊகம் சரிதான் என்பதற்கு அதுவே சான்று. எண் வராமல் `nan` என்று வந்திருந்தால் வயரையும் பின் எண்ணையும் சரிபார்த்திருப்போம்.

கண்காட்சிக்கு முந்தைய நாள் அவள் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டினாள். நோட்எம்சியூ வி 2, டிஹெச்டி 11 மாட்யூல், டேட்டா `D5` என்று அதில் எழுதியிருந்தாள். அடுத்த வருடம் யாராவது படம் எடுத்தால் அந்தத் தாளும் சேர்ந்து படத்தில் விழும்.