குரும்பையில் ஓட்டை, கொய்யாவில் கடி: யார் வேலை?

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கைப்பேசியில் மூன்று படங்கள் அனுப்பினார். தோப்பின் ஓரத்தில் அவருக்குச் சில கொய்யா மரங்களும் உண்டு. முதல் படத்தில் தரையில் கிடக்கும் ஒரு தென்னங்குரும்பை, காம்புப் பக்கம் பெரிய ஓட்டையோடு. இரண்டாவது படத்தில் மரத்திலேயே பாதி காலியாகத் தொங்கும் பழுத்த கொய்யா. மூன்றாவதில் இன்னும் பச்சை மாறாத ஒரு கொய்யாக்காய். அதன் ஒரு பக்கத்தில் விதைவரை ஆழமாகப் பள்ளம்.

“ராத்திரியானா கொய்யா மரத்துல சடசடன்னு சத்தம். காலையில பார்த்தா தென்னைக்கு அடியிலயும் ஓட்டை விழுந்த குரும்பை கிடக்குது. எல்லாமே வௌவால் வேலைதானுங்க?” என்று கேட்டிருந்தார். அந்த முடிவை வைத்தே வலை வாங்கவும் தயாராகிவிட்டார். படங்களைச் சற்று நிதானமாகப் பார்த்திருந்தால், மூன்றும் மூன்று விலங்குகளின் வேலை என்பது அவருக்கே தெரிந்திருக்கும்.

நம் தோட்டங்களில் சந்தேகப் பட்டியலில் வருபவை பெரும்பாலும் நான்குதான்: எலி, அணில், வௌவால், கிளி. இவற்றைப் பிரித்தறிய இரண்டு கேள்விகள் போதும். காயம் கொறித்ததா, இல்லையா? நடந்தது இரவிலா, பகலிலா? இரவில் கொறிப்பது எலி. பகலில் கொறிப்பது அணில். கொறிக்காமல் இரவில் தின்பது வௌவால். கொறிக்காமல் பகலில் தின்பது கிளி. முதல் கேள்விக்குப் படம் பதில் சொல்லும். இரண்டாவது கேள்விக்குத் தோட்டத்துக்காரர்தான் பதில் தேட வேண்டும்.

கொறித்ததற்கு அடையாளம் இணைகோடுகள். எலிக்கும் அணிலுக்கும் வாயின் முன்பக்கம் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு வெட்டுப்பற்கள் உண்டு. அவை வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பக்கம் கடினமான பூச்சும் பின்பக்கம் மென்மையான பல்லும் இருப்பதால், தேயத் தேய உளியைப்போல் கூர் ஏறும். மேல் பற்களை ஊன்றிக்கொண்டு கீழ்ப் பற்களால் சுரண்டி எடுப்பதுதான் அவற்றின் முறை. அதனால் ஓட்டையின் விளிம்பில், அடுத்தடுத்து ஒட்டினாற்போல் இரண்டிரண்டு குறுகிய கோடுகள் பதியும். மட்டையின் நார்கள் பிய்ந்து தொங்காமல், பல இடங்களில் நறுக்கென்று வெட்டுப்பட்டிருக்கும்.

நண்பரின் முதல் படத்தில் இந்தக் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. நல்லவேளையாக ஓட்டையின் விளிம்பிலேயே ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்திருந்தார். அந்த நாணயத்தின் குறுக்களவு 27 மி.மீ. ஓட்டை அதைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. அதாவது ஏறத்தாழ 5 செ.மீ. ஒரு ஜோடிக் கோடுகளின் மொத்த அகலம் நாணயத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. அதாவது 3 மி.மீ. அளவு. இது எலிக்குப் பொருந்தும் அளவு. ஆனால் முதுகில் மூன்று வரி கொண்ட நம் வீட்டு அணிலின் பல்லும் இதைவிட மிகச் சிறியதல்ல. பல் அளவை மட்டும் வைத்துக்கொண்டு எலியா அணிலா என்று தீர்ப்புச் சொன்னால் தவறிப்போகும். மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய தோப்புகளில் மலையணிலும் தென்னைக்கு வரும். அதன் உடல் மிகப் பெரியது. பல் தடமும் அதற்கேற்ப அகலமாக இருக்கும் என்பதால் அதைப் பிரிப்பது எளிது.

எலியை நோக்கிக் கைகாட்டியது ஓட்டை இருந்த இடம். தென்னையைத் தாக்கும் மர எலி பெரும்பாலும் மரத்தின் கொண்டையிலேயே கூடு கட்டி வாழும். குலைக்காம்பில் உட்கார்ந்தபடி, தொப்பி இருக்கும் பக்கத்தில் துளைக்கத் தொடங்கும். அந்த இடத்தில் இளங்காயின் சதை மென்மையாக இருக்கும். மூன்று முதல் ஆறு மாதக் காய்களில் உள்ளோடும் இன்னும் கெட்டிப்பட்டிருக்காது. மட்டையையும் ஓட்டையும் துளைத்து, உள்ளே இருக்கும் நீரையும் இளம் வழுக்கையையும் காலி செய்துவிடும். துளைபட்ட காய் சில நாட்களில் கீழே விழும். ஆக, மரத்தடியில் கிடப்பது சில நாட்களுக்கு முன் மேலே நடந்த வேலை. வீட்டு அணிலின் சேதம் பெரும்பாலும் பாளையில் உள்ள பூக்களிலும் பிஞ்சுகளிலும்தான் தெரியும்.

கோகோ ஊடுபயிர் போட்டவர்களுக்கு இதேபோல இன்னொரு தடயம் உண்டு. எலி பெரும்பாலும் கோகோ காயைக் காம்புப் பக்கத்தில் கொறிக்கும். அணில் காயின் நடுப்பகுதியில் கொறிக்கும். எலி, அணில் இரண்டும் ஒரே தோப்பில் இருந்தால், கோகோ காய்களைப் பார்த்து யார் எவ்வளவு சேதம் செய்கிறார்கள் என்று ஓரளவு கணக்கிட்டுவிடலாம்.

தேங்காய் விஷயத்தில் வௌவாலைச் சந்தேகிக்கவே தேவையில்லை. பழந்தின்னி வௌவாலுக்குக் கொறிக்கும் பல் கிடையாது. அதன் வெட்டுப்பற்கள் மிகச் சிறியவை. பழத்தைப் பற்றிக்கொள்ள நான்கு கோரைப்பற்கள், நசுக்குவதற்குத் தட்டையான கடைவாய்ப்பற்கள், அவ்வளவுதான். தென்னம்பாளையில் தேன் குடிக்க அது வரும். ஆனால் அந்தப் பற்களை வைத்துக்கொண்டு தென்னை மட்டையைத் துளைக்க முடியாது.

ஆனால் இரண்டாவது படத்தில் இருந்த பழுத்த கொய்யா வௌவாலின் வேலைதான். கடித்த பரப்பில் கோடுகளே இல்லை. சதை பிய்ந்து, மேடும் பள்ளமுமாக இருந்தது. மிச்சமிருந்த தோலில், விளிம்புக்குச் சற்றுத் தள்ளி இரண்டு குத்துப்புள்ளிகள் தெரிந்தன. அவை கோரைப்பற்கள் பதிந்த இடம். அந்தப் புள்ளிகளின் இடைவெளி அரை சென்டிமீட்டர் அளவு என்றால் குறுமூக்கு வௌவால். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் என்றால் ஆலமரத்தில் கூட்டமாகத் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால். நண்பரின் படத்தில் இருந்தது சிறிய இடைவெளி.

வௌவாலுக்கு இதைவிட உறுதியான சாட்சி பழத்தில் இல்லை, தரையில் இருக்கிறது. வௌவால் பழச்சதையை நாக்கால் மேலண்ணத்தில் வைத்து அழுத்திச் சாறைக் குடித்துவிட்டு, நாரைச் சக்கையாகத் துப்பிவிடும். சக்கை தட்டையாக, நீள்வட்டமாக இருக்கும். மேலண்ணத்தின் வரிகள் அதில் பதிந்திருக்கும். வேறு எந்தச் சந்தேக நபரும் இப்படித் துப்புவதில்லை. குறுமூக்கு வௌவால் பல நேரம் பழத்தைப் பறித்துக்கொண்டு போய், சற்றுத் தள்ளியுள்ள வேறொரு மரத்தில் தொங்கியபடி தின்னும். அதனால் சக்கையைக் கொய்யா மரத்தடியில் மட்டும் தேடினால் போதாது. பக்கத்து மரங்களின் அடியிலும் பார்க்க வேண்டும். நண்பருக்கு அது கிணற்றோரப் பனைமரத்தடியில் கிடைத்தது.

மூன்றாவது படம் கிளியுடையது. பச்சைக்கிளியின் மேல்அலகு வளைந்து முனை கூராக இருக்கும். கீழ்அலகு குட்டையாக, அகலமாக இருக்கும். அது கடித்தால் விளிம்பு பிய்வதில்லை. பிறை வடிவில் சிறுசிறு வெட்டுகள் அடுத்தடுத்து விழும். சில இடங்களில் மேல்அலகின் முனை முக்கோணமாகப் பதிந்திருக்கும். கிளி பழுக்கும்வரை காத்திருப்பதும் இல்லை. விதையையும் தேடித் தின்பதால், வௌவால் சீண்டாத பச்சைக்காயைக்கூட விதைவரை தோண்டும். இரண்டு வாய் தின்றுவிட்டு அடுத்த காய்க்குப் போய்விடும் பழக்கம் அதற்கு உண்டு. ஆகவே மரத்தடியில் தோல் துணுக்குகளும், கொஞ்சமே தின்ற பல காய்களும் கிடந்தால் கிளியைச் சந்தேகிக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் படம் ஏமாற்றக்கூடிய ஓர் இடம் உண்டு. இரவில் வௌவால் திறந்த பழத்தைக் காலையில் அணில் வந்து தின்னும், குயிலும் குக்குறுவானும் கொத்தும், எறும்பு மொய்க்கும். பத்து மணிக்கு எடுத்த படத்தில் கடைசியாக வந்தவரின் தடம்தான் மேலாகத் தெரியும். கொய்யாச்சதை சீக்கிரம் பழுப்பேறிச் சுருங்குவதால் கோடுகளும் புள்ளிகளும் மறைந்துவிடும். குரங்கும் மரநாயும் வரும் ஊர்களில் இந்த நால்வர் பட்டியலே போதாது.

இதற்கு ஒரே மருந்து நேரம் பார்ப்பது. மாலை இருட்டும் முன் மரத்தடியைக் கூட்டிவிட்டு, மரத்தில் ஏற்கெனவே கடிபட்டவற்றைப் பறித்துவிட வேண்டும். மறுநாள் அணிலும் கிளியும் இறங்கும் முன், விடியும் வேளையில் போய்ப் பார்க்க வேண்டும். அப்போது புதிதாக இருப்பது இரவுக் கணக்கு. அதையும் அகற்றிவிட்டு மாலையில் பார்த்தால் கிடைப்பது பகல் கணக்கு. தொடர்ந்து சில நாட்கள் இப்படிச் செய்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். விழ நாளாகும் தென்னங்காய்க்கு மட்டும் இது முழுதாக உதவாது. கொண்டையில் கூடு இருக்கிறதா என்று மரமேறுபவரைத்தான் பார்க்கச் சொல்ல வேண்டும்.

படம் எடுப்பதிலும் கவனம் தேவை. முழுக்காயும் தெரியும்படி ஒன்று, கடித்த விளிம்பு மட்டும் நெருக்கமாக ஒன்று, மரத்தடி தெரியும்படி ஒன்று என மூன்று படங்கள் வேண்டும். நாணயத்தைக் கடிபட்ட இடத்தின் உயரத்திலேயே வைக்க வேண்டும். தரையில் வைத்தால் கேமராவிலிருந்து தள்ளியிருப்பதால் நாணயம் சிறியதாகவும், ஓட்டை உள்ளதைவிடப் பெரியதாகவும் தோன்றும். உச்சிவெயிலில் பல் கோடுகள் தெரியாது. காலையின் சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் நிழல் விழுவதால் தெளிவாகத் தெரியும்.

நண்பரிடம், “வலை கொய்யாவுக்கு மட்டும் போதுங்க. தென்னையில கொண்டையைப் பாருங்க” என்று சொன்னேன். மரமேறுபவர் இரண்டு மரங்களில் எலிக்கூட்டை எடுத்தார். தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் 40 செ.மீ. அகலத் தகரத்தை அடிமரத்தைச் சுற்றி அடிப்பது பழகிய வழி. எலியின் நகம் தகரத்தில் பிடிக்காது. ஆனால் கூட்டை எடுக்காமல் தகரம் அடித்தால், மேலே இருக்கும் எலி மேலேயே இருக்கும். பக்கத்து மரத்தின் ஓலை உரசினாலும் தகரம் பயன்படாது, எலி ஓலை வழியே தாவிவிடும். கொய்யாவுக்குக் காய்களை உறையிட்டுக் கட்டுவது கிளி, வௌவால் இரண்டுக்கும் உதவும்.

கடிபட்ட பழத்தைச் சாப்பிடலாமா என்ற கேள்விக்கு மட்டும் இந்தத் துப்பறிதல் எதுவும் தேவையில்லை. 2018-இல் கேரளத்தின் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் 17 உயிர்களைப் பறித்த நிபா வைரஸ், பழந்தின்னி வௌவால்களிடம் இயற்கையாகவே இருப்பது. எலியின் சிறுநீர் வழியே எலிக்காய்ச்சல் பரவும். படத்தைப் பார்த்து, “இது கிளி கடித்ததுதான்” என்று நினைத்துச் சாப்பிடும் பழத்தை, கிளிக்கு முந்தைய இரவில் வௌவால் தொட்டிருக்கலாம். கடித்த பகுதியை நறுக்கிவிட்டு மிச்சத்தைத் தின்பதும் கூடாது. எதன் கடியாக இருந்தாலும் அந்தப் பழத்தைக் கையுறை போட்டு எடுத்துப் புதைத்துவிடுங்கள். கடிபடாத பழத்தை நன்றாகக் கழுவி, முடிந்தால் தோலுரித்துச் சாப்பிடுங்கள்.